இருக்கிறது, சரி, அதுதான் காரணமா?

ஒரு சிறுமியை எடுத்துக்கொள்வோம். கோபன்ஹேகனுக்கு அருகில் வசிக்கிறாள், வயது ஏழு. இரண்டு மாதங்களாகத் தொப்புளைச் சுற்றி வலி. வாரத்தில் மூன்று நாள் வருகிறது, பெரும்பாலும் காலையில் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில். மலம் சில நாள் இளகிப் போகிறது, சில நாள் இரண்டு நாளைக்கு ஒரு முறைதான். காய்ச்சல் இல்லை, மலத்தில் இரத்தம் இல்லை, எடை குறையவில்லை, விளையாட்டும் குறையவில்லை. இரவில் தூங்கும்போது அடிக்கடி ஆசனவாயைச் சொறிகிறாள் என்பதைத் தாய் போகிற போக்கில் சொல்கிறார்.

குடும்ப மருத்துவர் மலத்தைச் சோதனைக்கு அனுப்புகிறார். பேதி தரும் ஒட்டுண்ணிகளில் ஜியார்டியா இல்லை, கிரிப்டோஸ்போரிடியம் இல்லை, சீதபேதி உண்டாக்கும் அமீபா இல்லை. கடைசி வரியில் மட்டும் ‘டையன்டமீபா ஃபிராஜிலிஸ்: உள்ளது’. தாய்க்கு ஒரே நேரத்தில் பயமும் நிம்மதியும். ஒட்டுண்ணி என்பதால் பயம்; காரணம் கிடைத்துவிட்டது என்பதால் நிம்மதி. அந்த நிம்மதியைத்தான் நான் சந்தேகப்படுகிறேன்.

இந்தச் சிறுமி இந்தக் கட்டுரைக்காக நான் உண்டாக்கியவள். அவள் கையில் இருக்கும் அறிக்கை கற்பனை அல்ல. டென்மார்க்கிலும் நெதர்லாந்திலும் ஏராளமான பெற்றோர்கள் அதே வரியைப் பார்த்திருக்கிறார்கள். அங்கே ஏன் இவ்வளவு பேருக்கு வருகிறது என்பதில்தான் கதை தொடங்குகிறது.

டையன்டமீபாவை 1918-இல் மார்கரெட் ஜெப்ஸும் கிளிஃபர்ட் டோபெலும் விவரித்துப் பெயரிட்டார்கள். ஒற்றைச் செல்லுக்குள் பெரும்பாலும் இரண்டு உட்கருக்கள் இருப்பதால் ‘டை’ என்ற முன்னொட்டு. உடலை விட்டு வெளியே வந்ததும் சீக்கிரம் சிதைந்துவிடுவதால் ‘ஃபிராஜிலிஸ்’, அதாவது எளிதில் உடைவது. பெயரில் அமீபா இருந்தாலும் அது உண்மையான அமீபா அல்ல. சாட்டை போன்ற இழையால் நீந்தும் டிரைக்கோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் உயிரிகளின் உறவினர், அந்த இழையை இழந்துவிட்டது, அவ்வளவுதான். எளிதில் சிதையும் அதன் குணமே அதை நீண்ட காலம் ஒளித்துவைத்தது. மலத்தை உடனே பதப்படுத்தி, சாயமேற்றி, பழகிய கண்ணோடு நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். சாதாரண ஆய்வுக்கூடத்தில் அதற்கெல்லாம் நேரம் ஏது? ‘ஒன்றும் காணப்படவில்லை’ என்று எழுதிவிடுவார்கள்.

பி.சி.ஆர். சோதனை வந்ததும் நிலைமை தலைகீழானது. அது செல்லைத் தேடுவதில்லை, அதன் மரபணுத் துணுக்கைத் தேடுகிறது. செல் சிதைந்திருந்தாலும் துணுக்கு மிஞ்சியிருக்கும். டென்மார்க்கில் இந்தச் சோதனை பரவலானபோது, அதுவரை அரிதாக நினைக்கப்பட்ட உயிரி திடீரென்று எங்கும் தென்பட்டது. டேனிஷ் குழந்தைகள் காப்பகங்களில் நடந்த ஆய்வில் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் இருந்தது. ஒட்டுண்ணி பெருகவில்லை, பார்க்கும் கண்தான் கூர்மையானது.

மல அறிக்கைகளில் இதே சந்தேகத்தைக் கிளப்பும் இன்னொரு குடல் உயிரி பிளாஸ்டோசிஸ்டிஸ். அதன் கதை வேறு வழியில் போய் அதே இடத்துக்கு வருகிறது. 1911-இல் அலெக்ஸீஃப் இந்தப் பேரினப் பெயரை வைத்தார். மறு ஆண்டு ப்ரூம்ப்ட் மனிதரிடம் இருப்பதற்கு ‘ஹோமினிஸ்’ என்று பெயரிட்டார். பல பத்தாண்டுகள் அதைத் தீங்கற்ற ஈஸ்ட் என்றே நினைத்தார்கள். அது பூஞ்சை அல்ல, ஒற்றைச் செல் உயிரி என்று 1967-இல் ஸீர்ட்டும் அவருடன் இருந்தவர்களும் வாதிட்டார்கள். பிறகு மரபணுவைப் பார்த்தபோது, அதன் உறவினர்கள் பழுப்புக் கடற்பாசிகளும் உருளைக்கிழங்குப் பயிரைக் கருக்கும் நோய்க் கிருமியும் என்று தெரிந்தது. டையன்டமீபாவைப் போலவே இதுவும் சாட்டையிழையை இழந்தது, ஆனால் முற்றிலும் வேறு குலம். நம் ஊர் ஆய்வுக்கூட அறிக்கையில் பிளாஸ்டோசிஸ்டிஸ்தான் கண்ணில் படக்கூடியது. அதை நுண்ணோக்கியில் பார்ப்பது டையன்டமீபாவைப் பார்ப்பதைவிட எளிது. வட்டமான செல், நடுவில் பெரிய வெற்றிடம் போன்ற பை, ஓரத்தில் ஒட்டிய மெல்லிய வளையம்.

இரண்டையும் பற்றி மருத்துவர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் சில ஆய்வாளர்கள் டையன்டமீபாவை நோய்க்கிருமி என்றே எழுதி வந்தார்கள்; மருந்து கொடுத்தபின் நோயாளி குணமான அனுபவங்கள் அவர்களிடம் நிறைய இருந்தன. டென்மார்க்கிலும் நெதர்லாந்திலும் எதிர்க்குரல் வலுத்தது. யார் சொல்வது சரி என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதாமல், நம் சிறுமியின் அறிக்கையை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம்.

முதல் கேள்வி: இவளுக்கு வயிற்றுவலி இல்லாமலிருந்தால் இது கிடைத்திருக்காதா?

ஒரு தெருவில் திருட்டு நடந்துவிட்டது. அன்று அந்தத் தெருவில் நடந்துபோன ஒருவனைப் பிடிக்கிறார்கள். அவன் எப்போதாவது வருகிறவனாக இருந்தால் சந்தேகப்படலாம். தினமும் காலையும் மாலையும் அந்தத் தெருவிலேயே நடப்பவனாக இருந்தால், அன்றும் அவன் அங்கே இருந்தான் என்பது ஒன்றையும் நிரூபிப்பதில்லை. ஆகவே கேட்க வேண்டியது, நோயாளிகளில் எத்தனை பேரிடம் இருக்கிறது என்பது மட்டுமல்ல, நோயில்லாதவர்களில் எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதும்தான். இரண்டாவது எண்ணைப் பார்க்காமல் முதல் எண்ணை மட்டும் பார்ப்பதுதான் இந்த விவாதத்தில் பழைய தவறு.

நெதர்லாந்தில் 2014-இல் வெளியான ஓர் ஆய்வு இதை நேரடியாகவே கேட்டது. நாள்பட்ட வயிற்றுவலி உள்ள 132 குழந்தைகளில் 57 பேரிடம் டையன்டமீபா இருந்தது, அதாவது 43 சதவீதம். வலி இல்லாத 77 குழந்தைகளில் 39 பேரிடம் இருந்தது, ஏறத்தாழ 51 சதவீதம். வலி உள்ளவர்களிடம் கூடுதலாக இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் குறைவு. பெரியவர்களிடமும் இதே போக்குதான். டென்மார்க்கில், வயிற்றுவலியும் மலப்போக்கு மாறுதலும் நீடிக்கும் எரிச்சல் குடல் கோளாறின் அறிகுறிகள் உள்ள 124 பேரையும் அவை இல்லாத 204 பேரையும் ஒப்பிட்ட ஆய்வு 2015-இல் வந்தது. டையன்டமீபா அறிகுறி உள்ளவர்களில் 23 சதவீதத்தினரிடமும் இல்லாதவர்களில் 35 சதவீதத்தினரிடமும் இருந்தது. பிளாஸ்டோசிஸ்டிஸ் 15 சதவீதம், 22 சதவீதம்.

இந்த எண்களைக் கொண்டு, ‘அப்படியானால் இவை குடலைக் காக்கின்றன’ என்று சிலர் மறுபக்கம் தாவிவிடுகிறார்கள். அது அவசரம். வயிறு சரியில்லாதவர்கள் முன்பே ஏதாவது மருந்து எடுத்திருக்கலாம், உணவை மாற்றியிருக்கலாம், குடலின் சூழலே இந்த உயிரிகளுக்கு ஒவ்வாததாக மாறியிருக்கலாம். எண்கள் சொல்வது இவ்வளவுதான்: இந்த உயிரி இருப்பதை வைத்து ஒருவருக்கு அறிகுறி இருக்கும் என்று ஊகிக்க முடியாது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். நூறில் ஒரு சிலருக்கு மட்டும் இது உண்மையிலேயே நோய் தரலாம் அல்லவா? தரலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பகுதியில் நலமாக இருக்கும் 100 குழந்தைகளில் 40 பேரிடமும், வயிற்றுவலி உள்ள 100 குழந்தைகளில் 42 பேரிடமும் டையன்டமீபா இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த 42 பேரில் ஏறத்தாழ 40 பேர் வலி இல்லாவிட்டாலும் அதைச் சுமந்துகொண்டிருந்திருப்பார்கள். மிச்சம் இரண்டு மூன்று பேர்தான் உண்மையில் அதனால் பாதிக்கப்பட்டவர்கள் என்று சந்தேகிக்க இடம் உண்டு. நம் சிறுமி அந்த இரண்டு மூன்று பேரில் ஒருத்தியா, மற்ற ஏறத்தாழ நாற்பது பேரில் ஒருத்தியா? அறிக்கையின் வரி இதைச் சொல்லாது. சொல்லக்கூடியவை அவளுடைய மற்ற விவரங்கள்.

பிளாஸ்டோசிஸ்டிஸுக்கும் இதே கேள்விதான், விடை இன்னும் கூர்மை. செனகலில் 93 குழந்தைகளைச் சோதித்தபோது 93 பேரிடமும் அது இருந்தது, வயிற்றுக் கோளாறு உள்ளவர்களிடமும் இல்லாதவர்களிடமும். எல்லாரிடமும் இருக்கும் ஒன்றைக் கொண்டு ஒருவரை மற்றவரிடமிருந்து எப்படிப் பிரிப்பது? 2024-இல் 32 நாடுகளைச் சேர்ந்த 56,000-க்கும் மேற்பட்டவர்களின் குடல் நுண்ணுயிர் மரபணுத் தரவுகளை ஆராய்ந்தவர்கள், பிளாஸ்டோசிஸ்டிஸ் உள்ளவர்களிடம் நல்ல உணவுப் பழக்கமும் குறைந்த உடல் கொழுப்பும் காணப்பட்டதாக எழுதினார்கள். அதுவும் தொடர்புதான், காரணம் அல்ல. ஆனால் ‘ஒட்டுண்ணி’ என்ற சொல்லைக் கேட்டதும் நாம் காட்டும் அருவருப்பை அது கொஞ்சம் ஆட்டிப்பார்க்கிறது. நுண்ணோக்கிப் புலத்தில் ஐந்துக்கு மேல் தெரிந்தால் நோய், குறைந்தால் இல்லை என்ற பழைய விதியும் உண்டு. எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறி இறங்குவதால் அதை நம்பி முடிவெடுக்க முடியாது.

இரண்டாம் கேள்விதான் எனக்குச் சுவையானது: மருந்து கொடுத்துக் குணமானால் அது நிரூபணம் ஆகாதா?

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். இங்கே காக்கை ஒரு மாத்திரை, பெயர் மெட்ரோனிடசோல். டையன்டமீபாவுக்கும் பிளாஸ்டோசிஸ்டிஸுக்கும் வழக்கமாகக் கொடுக்கப்படுவது அதுதான். ஆனால் அது இந்த இரண்டோடு நிற்பதில்லை. ஆக்சிஜன் இல்லாமல் வாழும் குடல் பாக்டீரியாக்களையும் தாக்கும், ஜியார்டியாவையும் கொல்லும். எனவே மாத்திரைக்குப் பிறகு வயிறு சரியானால் அதைச் சரிசெய்தது எது என்று தெரியாது. இத்துடன், இரண்டு மாதம் வந்துபோகும் வலி தானாகவும் குறையும். மனிதர்கள் மருத்துவரிடம் போவது வலி உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்துக்குப் பிறகு இறக்கம் வருவது இயல்பு.

இதைப் பிரித்தறிய ஒரே வழி, போலி மாத்திரையோடு ஒப்பிடுவது. டென்மார்க்கில் அதைச் செய்தார்கள். 2014-இல் முடிவு வந்தது. நாள்பட்ட வயிற்றுக் கோளாறும் மலத்தில் டையன்டமீபாவும் உள்ள, மூன்று முதல் பன்னிரண்டு வயது வரையான 96 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பத்து நாள் மெட்ரோனிடசோல், மறுபாதிக்குப் போலி மருந்து. யாருக்கு எது என்று குடும்பத்துக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. முடிவில் இரண்டு பாதியிலும் குழந்தைகள் தேறினார்கள், ஏறத்தாழ ஒரே அளவுக்கு. போலி மருந்து இல்லாமல் செய்திருந்தால், ‘மெட்ரோனிடசோல் குழந்தைகளைத் தேற்றுகிறது’ என்று எழுதியிருப்பார்கள், உண்மையான எண்களோடு.

அந்த ஆய்வில் மற்றொரு விவரமும் உண்டு. மருந்து முடிந்து இரண்டு வாரம் கழித்துச் சோதித்தபோது, மருந்து எடுத்தவர்களில் 62.5 சதவீதத்தினரிடம் டையன்டமீபா காணாமல் போயிருந்தது. எட்டு வாரத்தில் அந்த எண் 24.9 ஆக இறங்கியது. மருந்து முழுவதும் கொல்லவில்லையா, வீட்டிலிருந்தோ பள்ளியிலிருந்தோ மீண்டும் தொற்றியதா என்பதைச் சோதனை பிரித்துக் காட்டாது. எப்படியிருந்தாலும், ‘மலம் சுத்தமாகும் வரை’ மருந்து கொடுக்க முனைந்தால் அது முடிவில்லாத வேலை.

வீட்டில் யாருக்காவது மருந்து கொடுத்தாயிற்று என்றால், நான்கில் ஒன்று நடந்திருக்கும். உயிரி போயிற்று, அறிகுறி இருக்கிறது: அது காரணம் அல்ல என்று தெளிவாகச் சொல்லலாம். உயிரி இருக்கிறது, அறிகுறி போயிற்று: இதுவும் அது குற்றவாளி அல்ல என்றே சொல்கிறது, பலர் இந்த இரண்டாவதைக் கவனிப்பதில்லை. இரண்டும் இருக்கின்றன: ஒன்றும் தெரியவில்லை. இரண்டும் போயின: எல்லாரும் கொண்டாடுவது இதைத்தான், ஆனால் மேலே சொன்ன காரணங்களால் இது மிகவும் பலவீனமான சான்று. அறிகுறி பிறகு திரும்பி, அப்போது உயிரியும் திரும்பியிருந்து, மீண்டும் மருந்துக்கு இரண்டும் போனால் சந்தேகம் கொஞ்சம் வலுக்கும். ஒரே முறையோடு கேள்வி முடிவதில்லை.

இப்போது சிறுமியிடம் திரும்புவோம். நாம் இதுவரை கவனிக்காமல் விட்ட ஒன்று அவளிடம் உண்டு: இரவுச் சொறி. ஏழு வயதுப் பள்ளிப் பிள்ளைக்கு இரவில் ஆசனவாய் அரித்தால் முதலில் நினைக்க வேண்டியது கீரிப்பூச்சி. பெண் புழு இரவில் வெளியே வந்து தோல் மடிப்பில் முட்டையிடும்; அதுதான் அரிப்பு. மலப் பரிசோதனையில் இது பெரும்பாலும் தப்பிவிடும், முட்டைகள் மலத்தில் அரிதாகவே இருக்கும் என்பதால். காலையில் கழுவும் முன், ஒட்டும் நாடாவை ஆசனவாயில் ஒற்றி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். டையன்டமீபாவுக்கும் இதற்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. சிதையும் உயிரி எப்படி ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகிறது என்று வெகுநாள் யோசித்தவர்கள், கீரிப்பூச்சியின் முட்டைக்குள் ஏறிப் பயணம் செய்கிறதோ என்று சந்தேகித்தார்கள். பின்னாளில் டென்மார்க் ஆய்வாளர்கள் முட்டைகளுக்குள் அதன் டி.என்.ஏ.வைக் கண்டார்கள். இது ஒரு வழியாக இருக்கலாம், ஒரே வழி என்று சொல்ல முடியாது. ஆக, டையன்டமீபா கிடைத்த குழந்தையிடம் கீரிப்பூச்சியைத் தேடுவது பயனுள்ளது. அது இருந்தால் அரிப்புக்கும் தூக்கக் கெடுதிக்கும் நேரடியான விளக்கம் கிடைக்கிறது.

நாடாச் சோதனையில் முட்டைகள் தெரிந்தன என்று வைப்போம். மருத்துவர் குடும்பத்தில் எல்லாருக்கும் மெபென்டசோல் ஒரு வேளை கொடுக்கிறார், இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒரு வேளை. முதல் மருந்து முட்டைகளைக் கொல்லாது, அவை பொரித்த பிறகு புழுவைப் பிடிக்க வேண்டும். இத்துடன் மருத்துவர் வேறு சிலவற்றையும் பார்க்கிறார். கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கு ஓர் இரத்தப் பரிசோதனை. குடல் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் கால்புரோடெக்டின் அளவு மலத்தில். பாலுக்கும் வலிக்கும் தொடர்பு உண்டா என்று இரண்டு வாரப் பதிவு. வயிற்றைத் தொட்டுப் பார்க்கையில் இடப்பக்கம் கட்டியாக மலம் தேங்கியிருப்பது தெரிகிறது. அவளுக்கு இருப்பது பேதி அல்ல, மலச்சிக்கலும் அதன் ஊடே வழிவதும். காலையில், பள்ளிக்கு முன் வருவதற்கும் அது பொருந்துகிறது.

இப்படிச் சொல்வது எல்லாருக்கும் ஒரே தீர்ப்பு என்று பொருளல்ல. மலத்தில் இரத்தம், எடை குறைதல், வளர்ச்சி தடைபடுதல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, காய்ச்சல், இரத்தசோகை, உயர்ந்த கால்புரோடெக்டின்: இவற்றில் ஒன்று இருந்தாலும் டையன்டமீபா என்றோ பிளாஸ்டோசிஸ்டிஸ் என்றோ பெயர் வைத்து நிறுத்திவிடக் கூடாது. இந்த அடையாளங்களை விளக்கும் வேறு நோய் மறைந்திருக்கலாம். அறிக்கையின் ஒரு வரி தேடலை முடித்துவைத்துவிடுவதுதான் உண்மையான ஆபத்து, ஒட்டுண்ணி அல்ல.

மறுபக்கமும் உண்டு. பெரியவர் ஒருவருக்கு வாரக்கணக்கில் தண்ணீராகப் பேதி, ஜியார்டியாவும் மற்றவையும் திரும்பத் திரும்பச் சோதித்தும் இல்லை, அழற்சி அடையாளமும் இல்லை, உணவை மாற்றிப் பார்த்தும் பயன் இல்லை, டையன்டமீபா மட்டும் தெரிகிறது. அல்லது நோயெதிர்ப்பு சக்தி குறைந்தவர். இத்தகைய ஒருவருக்கு ஒரே ஒரு முறை மருந்து கொடுத்துப் பார்ப்பதில் தவறில்லை என்று பல மருத்துவர்கள் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். நிபந்தனை ஒன்று: தொடங்கும் முன்பே எது மாறினால் வெற்றி என்று எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு ஏழு முறை போவது மூன்றாகக் குறைந்தால் வெற்றி என்று முன்பே எழுதியிருந்தால், பத்து நாளுக்குப் பின் நினைவு வளையாது. மெட்ரோனிடசோல் வாயில் உலோகச் சுவையையும் குமட்டலையும் தரும், மது அருந்தக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். மருந்து பயன் தரவில்லை என்றால் அடுத்த மருந்து, அதற்கடுத்த மருந்து என்று ஏறாமல், காரணம் வேறு என்று திரும்பிவிட வேண்டும்.

அறிகுறியே இல்லாதவருக்கு, வேறு எதற்கோ செய்த சோதனையில் இவை தெரிந்தால் மருந்து தேவையில்லை.

சிறுமிக்கு வருவோம். கீரிப்பூச்சி மருந்து முடிந்தது, அரிப்பு நின்றது. மலமிளக்கி மருந்து சில வாரங்கள் கொடுத்து, காலையுணவுக்குப் பின் பத்து நிமிடம் கழிப்பறையில் உட்காரப் பழக்கினார்கள். வலி மாதத்துக்கு இரண்டு முறையாகக் குறைந்தது. தாய் கேட்டார்: “அந்த டையன்டமீபா போயிற்றா என்று மறுபடி சோதிக்க வேண்டாமா?” மருத்துவர், “போகவில்லை என்று வந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார். தாய் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மல டப்பாவை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.